செல்ஃபியில் பெருத்த மூக்கு, ஓரத்தில் அகன்ற முகம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்பவர் டாக்டர் போரிஸ் பாஸ்கோவர். மூக்கைச் சிறிதாக்க வேண்டும் என்று அவரிடம் வருகிறவர்களில் பலர், அதற்கான ஆதாரத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். போனைத் திறந்து தாங்களே எடுத்த செல்ஃபியை நீட்டி, “பாருங்கள், எவ்வளவு பெரிதாக இருக்கிறது” என்று காட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கும் படத்தில் இருக்கும் மூக்கும் ஒன்றுபோல இல்லை என்பது மருத்துவரின் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வந்தவருக்குத் தன் முகம் பழக்கமாகியிருப்பது அந்தச் சின்னத் திரையில்தான்.

இப்படி வந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. அமெரிக்க முகச் சீரமைப்பு அறுவை மருத்துவர்களின் சங்கம் 2017ஆம் ஆண்டு தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது, செல்ஃபியில் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிகிச்சை கேட்டவர்களைப் பார்த்ததாக 55 சதவீத மருத்துவர்கள் சொன்னார்கள். கத்தி வைக்கும் அளவுக்குப் போகிற ஒரு முடிவு, கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து எடுக்கப்படுகிறது என்றால் அதைக் கணக்குப் போட்டுக் காட்டியே ஆக வேண்டும். பாஸ்கோவரும், அப்போது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கணினி ஆய்வாளர் ஓஹாத் ஃப்ரீடும், வேறு இருவரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். பல இனங்களைச் சேர்ந்தவர்களிடம் எடுக்கப்பட்ட தலை, மூக்கு அளவுகளின் சராசரியை வைத்து ஒரு கணித மாதிரியை உருவாக்கினார்கள். முடிவு 2018இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. கேமரா 12 அங்குலத்தில், அதாவது சுமார் 30 சென்டிமீட்டரில் இருந்தால், முகத்தின் அகலத்தோடு ஒப்பிடும்போது ஆணின் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதமும் பெண்ணின் மூக்கு 29 சதவீதமும் அகலமாகத் தெரியும். கேமராவை ஐந்தடி தள்ளி வைத்தால் குறிப்பிடும்படியான வித்தியாசமே இருக்காது.

இந்த 30 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய கணிதம் வேண்டாம். ஒரு பொருள் கேமராவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு பெரிதாகப் படத்தில் விழும். தூரம் பாதியானால் உருவம் இரண்டு மடங்கு. முகம் தட்டையான பலகை இல்லை. அதற்கு ஆழம் உண்டு. வளர்ந்த ஒருவரின் மூக்கு நுனியிலிருந்து காது வரை முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் இருக்கும். கன்ன எலும்புகளின் வெளி விளிம்பு, மூக்கு நுனிக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் பின்னால் இருக்கும்.

இப்போது கையை மடக்கி போனை மூக்கு நுனிக்கு 30 சென்டிமீட்டரில் பிடித்தால், காது கேமராவிலிருந்து 42 சென்டிமீட்டரில் இருக்கும். நாற்பத்திரண்டை முப்பதால் வகுத்தால் 1.4. காதோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெருத்துத் தெரியும் என்று பொருள். கன்ன விளிம்போடு ஒப்பிட்டால் முப்பத்தெட்டுக்கு முப்பது, கிட்டத்தட்ட 27 சதவீதம். மருத்துவ இதழில் வந்த எண்ணுக்கு இந்தக் கைக்கணக்கு வெகு அருகில் போய்விடுகிறது. கையை முழுசாக நீட்டி 60 சென்டிமீட்டரில் பிடித்தால் காதோடு உள்ள வித்தியாசம் 20 சதவீதமாகக் குறையும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் எட்டு சதவீதம்தான். நாம் ஒருவரோடு பேசும்போது நிற்கிற தூரமும் ஏறக்குறைய அதுதான், அதனால் அந்த எட்டு சதவீதம் யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

இதில் லென்ஸ் எங்கே வந்தது? வரவே இல்லை. பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். “வைட் லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும், 85 எம்.எம். லென்ஸ் முகத்தை அழகாக்கும்” என்று போட்டோகிராபர்களே சொல்வதுண்டு. 85 எம்.எம். லென்ஸ் மாட்டியவர் தலையையும் தோளையும் சட்டத்துக்குள் கொண்டுவர ஒன்றரை, இரண்டு மீட்டர் பின்னால் போயே ஆக வேண்டும். வைட் லென்ஸ் வைத்திருப்பவர் அதே அளவு முகத்தைப் பிடிக்க நெருங்கி வருகிறார். முகத்தின் வடிவத்தை மாற்றுவது அந்த நடை. ஒரே இடத்தில் நின்று போனில் 1x ஒரு படமும் 2x ஒரு படமும் எடுத்து, முதல் படத்தை வெட்டி இரண்டாவதின் அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். நடுவில் இருக்கும் முகம் இரண்டிலும் அச்சாக ஒன்றாகவே இருக்கும்.

ஆக, செல்ஃபி மூக்குக்கு உண்மையான மருந்து தூரம். போனை ஜன்னல் விளிம்பிலோ புத்தக அடுக்கிலோ சாய்த்து வைத்து, டைமர் போட்டு, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டினால் தெளிவு போய்விடுமே என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. 12 மெகாபிக்சல் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் 3 மெகாபிக்சல் மிஞ்சும். ஆறுக்கு நாலு அங்குலத்தில் நல்ல பிரிண்ட் போட இரண்டே கால் மெகாபிக்சல் போதும். இன்னொருவர் எடுத்துத் தருகிறார் என்றால் இன்னும் வசதி: பின்பக்க கேமராவை 2x வைத்து, நாலைந்து அடி தள்ளி நிற்கச் சொன்னால் போதும். செல்ஃபி ஸ்டிக் பலருக்கும் கேலிக்குரிய பொருளாகிவிட்டது. ஆனால் கையும் குச்சியும் சேர்ந்து ஒரு மீட்டருக்கு மேல் தூரம் தருவதால், காதோடு உள்ள வித்தியாசத்தை அது 11, 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. முக வடிவத்துக்கு அது செய்கிற நன்மையை எந்த அழகு ஃபில்டரும் செய்வதில்லை.

எடுத்து முடித்த படத்தை என்ன செய்வது? மூக்கை மட்டும் சுருக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி. போட்டோஷாப்பில் Liquify என்ற பகுதிக்குப் போனால் மூக்கின் அகலத்துக்கென்றே ஒரு பட்டை இருக்கிறது. போன் ஆப்கள் பலவற்றிலும் இதே வசதி உண்டு. மூக்கு சிறிதாகும், ஆனால் படம் சரியாகாது. காரணம், நெருங்கி எடுத்த படத்தில் கெட்டிருப்பது மூக்கு மட்டும் அல்ல. முகத்தின் நடுப்பகுதி முழுவதும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். கண்ணும் உதடும்கூடக் கொஞ்சம் பெருத்திருக்கும். கன்னம் இரண்டு பக்கமும் சட்டென்று பின்னால் சரிவதால் முகம் ஒடுங்கித் தெரியும். நெற்றி மயிர்க்கோடு பின்வாங்கியிருக்கும். காதுகள் கன்னத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும். இத்தனையும் அப்படியே இருக்க மூக்கை மட்டும் சிறிதாக்கினால், வேறு யாரோ ஒருவரின் முகம்தான் கிடைக்கும்.

முகத்தின் ஆழத்தைக் கணக்கில் எடுக்கிற கருவிதான் இதைச் சரியாகச் செய்ய முடியும். ஓஹாத் ஃப்ரீட் அந்த மருத்துவ ஆய்வுக்கு முன்பே, 2016இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் அடோபி நிறுவனத்திலும் இருந்த ஆய்வாளர்களோடு சேர்ந்து இப்படி ஒரு முறையை வெளியிட்டிருந்தார். ஒரே ஒரு படத்தில் இருக்கும் முகத்தின் மேல் ஒரு முப்பரிமாணத் தலை மாதிரியைப் பொருத்துகிறார்கள். அந்த மாதிரிக்கு முன்னால் ஒரு கற்பனைக் கேமராவை வைத்து அதைப் பின்னால் இழுக்கிறார்கள். மாதிரியின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்கிறது என்று பார்த்து, படத்தில் உள்ள முகத்தையும் அதே அளவுக்கு இழுத்தும் சுருக்கியும் அமைக்கிறார்கள். மூக்கு சுருங்கும்போது கன்னம் அகலும், காது வெளியே வரும்.

சாதாரண போனில் இதற்கு நெருங்கிய வசதி, கூகுளின் இலவச ஆப்பான ஸ்னாப்சீட்டில் இருக்கிறது. அதில் Head Pose என்ற கருவி முகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அதற்குள் Focal Length என்று ஒரு பட்டை வரும். அதை இரண்டு பக்கமும் மெதுவாக நகர்த்திப் பார்த்தால் ஒரு பக்கம் முகம் கேமராவை நோக்கி வீங்குவதும், மறுபக்கம் தட்டையாகி அகலுவதும் தெரியும். கடைசி வரை இழுத்துவிடக் கூடாது. நிறுத்த வேண்டிய இடத்தைக் காதுதான் சொல்லும். நெருங்கி எடுத்த படத்தில் கன்னத்துக்குப் பின்னால் போன காதின் பகுதி பதிவாகவே இல்லை. இல்லாததை எந்த இழுப்பும் கொண்டுவராது. பக்கத்தில் இருக்கும் கன்னத்துத் தோலையும் கிருதா மயிரையும்தான் இழுத்து நிரப்பும். கிருதா அருகில் மயிர் தேய்ந்தது போலவோ, காது விளிம்பு இரட்டித்தது போலவோ தெரிய ஆரம்பித்தால் அந்த இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். 45, 50 சென்டிமீட்டரில் எடுத்த படத்தை இப்படி ஓரளவு மீட்கலாம். 25 சென்டிமீட்டரில் எடுத்ததைத் திரும்ப எடுப்பதுதான் நேரான வழி.

குரூப் போட்டோவில் முகம் கெடுவது வேறு விதம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு ஒன்றின் மருந்தை மற்றதற்குப் போடுவதால்தான் திருத்தங்கள் பலவும் பலிப்பதில்லை.

கல்யாண மண்டபத்து மேடை. மணமக்களின் இரண்டு பக்கமும் உறவினர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எடுக்கிற தம்பி மேடைக்கு முன்னாலேயே நிற்கிறான். பின்னால் போக நாற்காலிகள் தடுக்கின்றன. 0.5x தட்டுகிறான். எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். மாலையில் குடும்பக் குழுவில் படம் வருகிறது. நடுவில் நிற்பவர்கள் எல்லாம் சரி. இடது ஓரத்தில் நிற்கிற அத்தையின் முகம் மட்டும் அகன்று, தோள் ஒரு பக்கமாக இழுபட்டு, பத்துக் கிலோ கூடினாற்போல இருக்கிறது. அத்தை கேமராவிலிருந்து மற்ற எல்லோரையும்விடத் தள்ளித்தான் நின்றார். ஆகவே இது நெருக்கத்தின் கோளாறாக இருக்க முடியாது.

இருட்டு அறையில் டார்ச்சைச் சுவருக்கு நேராக அடித்தால் வட்டமான வெளிச்சம் விழும். நின்ற இடத்திலேயே கையை மட்டும் பக்கவாட்டில் திருப்பினால், சுவரில் வெளிச்சம் முட்டை வடிவமாகி வெளிப்புறமாக நீளும். கேமராவின் சென்சாரும் அந்தச் சுவர் போலத் தட்டையானது. நடுவிலிருந்து விலகி வருகிற ஒவ்வொரு உருவமும் அதன் மேல் சாய்வாக விழுகிறது, அதனால் ஓரத்தை நோக்கி நீள்கிறது. தட்டையான சுவரும் கதவும் ஜன்னலும் இதனால் கெடுவதில்லை; நேர்கோடுகள் நேர்கோடுகளாகவே இருக்கும். பந்து போல உருண்டையாக இருக்கிற தலைதான் மாட்டிக்கொள்கிறது. எந்தக் கோளாறு என்று கண்டுபிடிக்க வழியும் இதிலேயே இருக்கிறது. நெருங்கியதால் கெட்ட முகத்தில் நடுப்பகுதி வீங்கிக் காது மறைந்திருக்கும். ஓரத்தில் இழுபட்ட முகத்தில் காது, கன்னம், மூக்கு எல்லாம் சேர்ந்தே, படத்தின் நடுவிலிருந்து வெளிப்புறம் போகும் திசையில் நீண்டிருக்கும். மூலையில் நிற்பவரின் தலை சாய்ந்த முட்டை போலிருக்கும்.

ஓவியர்களுக்கு இந்தச் சிக்கல் கேமரா வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. வத்திக்கான் அரண்மனையில் ரஃபேல் 1509 முதல் 1511 வரை வரைந்த ‘ஏதென்ஸ் கல்விக்கூடம்’ சுவரோவியத்தில், பின்னால் இருக்கும் வளைவு மண்டபம் முழுவதும் ஒரே மையப் புள்ளியை நோக்கிக் கறாராகக் குவிகிறது. வலது கீழ் ஓரத்தில் தாலமியும் ஜொராஸ்டரும் ஆளுக்கொரு கோளத்தைப் பிடித்திருக்கிறார்கள். மண்டபத்தை வரைந்த அதே விதிப்படி பார்த்தால் அந்தக் கோளங்கள் ஓரத்தில் நீள்வட்டமாக வந்திருக்க வேண்டும். ரஃபேல் அவற்றை முழு வட்டமாக வரைந்தார். அங்கே நிற்கும் மனிதர்களையும், ஒவ்வொருவருக்கும் நேர் எதிரே நின்று பார்த்தது போலவே வரைந்தார். கட்டடத்துக்கு ஒரு விதி, மனிதருக்கு இன்னொரு விதி. இந்த அறிவான மீறலைத்தான் இன்றைய போன்கள் கணக்குப் போட்டுச் செய்கின்றன.

கூகுளின் ஆய்வாளர்கள் யிசாங் ஷி, வெய்-ஷெங் லாய், சியா-காய் லியாங் மூவரும் 2019இல் வெளியிட்ட முறை அப்படிப்பட்டது. படத்தின் மேல் ஒரு மெல்லிய வலையை விரிப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். முகங்கள் இருக்கும் இடங்களை மென்பொருள் கண்டுபிடிக்கிறது. அந்த இடங்களில் மட்டும் வலையின் முடிச்சுகள், உருண்டையின் உருவத்தைக் கெடுக்காத ஸ்டீரியோகிராஃபிக் என்ற வீழ்ப்பு முறைக்கு மாற்றப்படுகின்றன. மற்ற இடங்களில் சுவரும் தூணும் நேராகவே இருக்கும்படி பழைய முறை தொடர்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் வெட்டுத் தெரியாமல் வலை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கிறது. படம் எடுத்த கையோடு போனுக்குள்ளேயே இது முடிந்துவிடும் அளவுக்கு வேகமானது.

இதன் எல்லையும் படத்திலேயே தெரியும். திருத்தப்படுவது முகமும் அதன் சுற்றுப்புறமும்தான். உடம்பு இழுபட்டபடியே இருக்கலாம். முகத்தை ஒட்டி ஒரு தூணோ கதவு நிலையோ போனால் அந்த இடத்தில் அது லேசாக வளையும். பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் மென்பொருளின் கண்ணில் படாத முகம் திருத்தப்படாமல் நிற்க, அதற்கு அடுத்த முகம் திருந்தியிருக்கும். முக்கியமாக, இது ஓரத்து இழுப்பை மட்டும் நீக்குகிற முறை. கிட்டே வைத்து எடுத்த மூக்கை அது தொடுவதில்லை.

போனின் அமைப்புகளில் இருக்கும் வசதிகளையும் இந்த இடத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐபோனில் கேமரா அமைப்புக்குள் Lens Correction என்றும், சாம்சங்கில் மாடலைப் பொறுத்து Ultra wide shape correction அல்லது Ultra wide lens correction என்றும் இருக்கும். இவை பொதுவாக நிமிர்த்துவது, வைட் லென்ஸ் தன் பங்குக்கு வளைத்துவிடுகிற நேர்கோடுகளை. வளைந்த கோட்டை நிமிர்த்த வேண்டுமானால் படத்தின் மூலையை வெளியே இழுக்க வேண்டும். அப்போது மூலையில் இருக்கும் முகமும் சேர்ந்து இழுபடக்கூடும். கட்டடம் எடுக்கும்போது இந்த வசதி அவசியம். ஆட்கள் ஓரம் வரை நிற்கும் படத்துக்கு, அதைப் போட்டு ஒன்றும் அணைத்து ஒன்றும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

மேடைக்குத் திரும்பலாம். பத்துப் பேர் தோளோடு தோள் நின்றால் வரிசையின் அகலம் சுமார் ஐந்து மீட்டர் வரும். படுக்கை வாட்டில் பிடித்த போனில் 0.5x, அதாவது பழைய கணக்கில் 13 எம்.எம்., இந்த ஐந்து மீட்டரையும் அடக்க இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரமே போதும். அதுதான் அதன் கவர்ச்சி. அந்தத் தூரத்தில் ஓரத்தில் நிற்பவரின் தலை கேமராவின் நேர்க்கோட்டிலிருந்து 50 டிகிரி விலகியிருக்கும். அவர் முகம் உயரத்தோடு ஒப்பிட ஏறத்தாழ 55 சதவீதம் அகன்று விழும். 1x, அதாவது 26 எம்.எம்., வைத்து மூன்றே முக்கால் மீட்டர் போனால் விலகல் 31 டிகிரியாகவும் அகலிப்பு 17 சதவீதமாகவும் குறையும். 2x வைத்து ஏழரை மீட்டர் போனால் நாலைந்து சதவீதம்தான். முன்வரிசை நாற்காலிகளை நகர்த்தி நடைபாதையில் பின்னால் போக முடிகிற மண்டபத்தில் 0.5x தட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இடமே இல்லை என்றால்? அறையின் அதிகபட்சத் தூரம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரை உட்காரவைத்து ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தினால் வரிசையின் அகலம் பாதியாகிவிடும். அதே இடத்தில் நின்று அதே 1x வைத்தால், ஓரத்து முகத்தின் அகலிப்பு மூன்றரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். சட்டத்தில் காலியிடம் நிறைய இருக்கிறதே என்று அப்போது நெருங்கக் கூடாது. நெருங்கினால் முதல் கோளாறு வந்து சேரும். பின்வரிசை 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் முன்வரிசைத் தலைகள் 16 சதவீதம்தான் பெரிதாகத் தெரியும்; இரண்டு மீட்டருக்குள் வந்தால் 30 சதவீதத்தைத் தாண்டிவிடும். நின்ற இடத்திலிருந்தே எடுத்து, சுற்றிலும் இருப்பதை வெட்டிவிட வேண்டும்.

ஓரத்தில் நிற்பவர்களை முன்னால் வரச் சொல்லி எல்லோரையும் பிறை போல நிறுத்தும் பழக்கம் ஒன்று உண்டு. எல்லோரும் கேமராவுக்கு ஒரே தூரத்தில் இருந்தால் ஒரே அளவில் விழுவார்கள் என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். வைட் லென்ஸில் நடப்பது அதற்கு நேர்மாறு. 30 டிகிரி விலகி நிற்பவர் நேர் வரிசையில் இருந்தால் அவர் முகத்தின் உயரம் நடுவில் நிற்பவரின் அளவுதான். அகலம் மட்டும் 15 சதவீதம் கூடும். அவரையே பிறையின் முனைக்கு இழுத்துவந்தால் உயரம் 15 சதவீதமும் அகலம் 33 சதவீதமும் கூடிவிடும். 0.5x, 1x இரண்டுக்கும் நேர் வரிசையே நல்லது. ஓரத்தில் ஒல்லியானவர்களை நிறுத்துவதும், ஓரத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு எடுப்பதும் அனுபவமுள்ள கல்யாண போட்டோகிராபர்கள் கையாளக்கூடிய எளிய வழிகள். குரூப்பி எடுக்கும்போது போனை நீட்டுகிறவர்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார். கேமராவுக்கு மிக அருகில் இருப்பவரும் அவரே, பெரும்பாலும் மூலையில் இருப்பவரும் அவரே. அவருக்கு இரண்டு கோளாறும் ஒன்றாக வந்து சேரும். வீட்டில் கை நீளமானவரிடம் போனைக் கொடுத்து, அவர் தலையை நடுப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டாலே பாதி குறையும்.

எடுத்தாகிவிட்டது, அத்தையின் முகம் கெட்டுப்போய்விட்டது, மறுபடி எடுக்க மண்டபமும் இல்லை என்கிற நிலையில் கணினிதான் வழி. டிஎக்ஸ்ஓ வியூபாயிண்ட் என்ற கட்டண மென்பொருளில் Volume deformation என்று இதற்கென்றே ஒரு திருத்தம் இருக்கிறது. பக்கவாட்டு இழுப்புக்கு ஒரு பட்டன், மூலை இழுப்புக்கு ஒரு பட்டன். காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு ஹூகின் இருக்கிறது. பனோரமா ஒட்டுவதற்காக எழுதப்பட்ட இலவச மென்பொருள் அது. படத்தை ஏற்றும்போது லென்ஸ் வகையை Normal (rectilinear) என்று வைத்து, படத்தின் கிடைமட்டக் கோணத்தைக் கொடுக்க வேண்டும். படுக்கை வாட்டில் எடுத்த 0.5x படத்துக்குச் சுமார் 106 டிகிரி, 1x படத்துக்கு 67 டிகிரி. பிறகு முன்னோட்டச் சன்னலில் Projection என்ற இடத்தில் Panini General அல்லது Stereographic தேர்ந்தெடுத்தால் ஓரத்து முகங்கள் கண்ணெதிரே ஒடுங்கும்.

வரிசையாக நிற்கும் ஆட்களுக்கு முதலில் Panini முயன்று பார்க்கலாம். அதில் தூண், கதவு போன்ற செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும். விலை வேறு இடத்தில் கொடுக்கப்படுகிறது: மேடையின் முன்விளிம்பும் மேலே கட்டிய தோரணமும் வில்லாக வளையும். படத்தின் எல்லைகளும் வளைவதால் நாலு பக்கமும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். ஓரத்தில் இடம் விடாமல் எடுத்த படத்தில் அந்த வெட்டு அத்தையின் தோளைத் தின்றுவிடும். வளைவு கண்ணை உறுத்தினால் Panini அளவைப் பாதியில் நிறுத்தி, 55 சதவீத அகலிப்பை 20 சதவீதத்துக்கு அருகில் கொண்டுவந்து விட்டுவிடலாம். முகம் மனிதர் முகமாகத் தெரிய அது போதும், மேடை விளிம்பின் வளைவும் ஓரளவு குறையும். எதைச் செய்தாலும் மூலப் படத்தின் பிரதி ஒன்றில் செய்ய வேண்டும். வாட்ஸாப்பில் சுருங்கி வந்த பிரதியை அல்ல, போனில் எடுத்த அசலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கோணத்தைக் கணக்கிட உதவும் லென்ஸ் விவரம் அந்த அசல் கோப்பில்தான் இருக்கும். யாராவது ஏற்கனவே வெட்டிய படத்தில் நடுப்புள்ளி இடம் மாறியிருப்பதால், ஒரு பக்கத்து முகம் திருந்தும்போது மறுபக்கத்து முகம் ஒடுங்கிப் போகும்.